எத்தனை பேர், எந்தத் தேதி

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு பால்கோவா அட்டைப்பெட்டி இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அரைக்கிலோ பெட்டி. 2019 பிப்ரவரியில் அதற்குள் 13 உறைகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 500 ரூபாய், மேலே ஒரு பெயர், ஒரு போன் நம்பர். அந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்படி ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வகுப்புகள் தேவைப்பட்டன. ஒன்று நடத்திக் கெட்டது, இன்னொன்று நிறுத்திக் கெட்டது.

நான் கணக்கு எழுதுகிறவள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்களுக்குத் தூக்கமில்லை. நூல் கமிஷன் கடை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிக்கூடம், ஹார்டுவேர் கடை என்று எங்கே பார்த்தாலும் கணக்கு எழுதும் பிள்ளைகள் ரிட்டர்ன் போடத் தெரியாமல் திண்டாடினார்கள். ஆடிட்டர் ஆபீசுக்குப் போனால் அங்கேயும் அவர்களுக்கு நின்று சொல்லிக் கொடுக்க நேரமில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஒரு வகுப்பு நடத்தினால் என்ன என்று தோன்றியது. சனி, ஞாயிறு மட்டும், ஆறு வாரம், 12 வகுப்பு. கட்டணம் 3,000 ரூபாய்.

இடத்துக்குத் தெரிந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆகஸ்டு மாத அரசுத் தேர்வு முடிந்தால் அவருக்குக் கொஞ்ச நாள் கூட்டம் குறைந்திருக்கும். ஹாலும் கம்ப்யூட்டரும் சேர்த்து ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்றார். மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து பாடம் நடத்தச் சம்மதித்தார். பஸ் செலவு உட்பட வகுப்புக்கு 1,500. நோட்டீஸ், ஃபிளெக்ஸ் எல்லாம் 4,000. இந்த மூன்றும் ஒருவர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் மாறாத செலவு. கூட்டினால் 31,600. ஆளுக்கு ஆள் ஆகும் செலவு வேறு. பயிற்சிப் புத்தகம், ஜெராக்ஸ், டீ, வடை, சான்றிதழ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 400. ஆக ஒருவர் கட்டும் 3,000-இல் மாறாத செலவுக்குப் போய்ச் சேருவது 2,600. 31,600-ஐ 2,600-ஆல் வகுத்தால் 12-ஐத் தாண்டுகிறது. அதனால் 13 பேர் வேண்டும் என்று நோட்டில் எழுதி வட்டம் போட்டேன்.

அந்த வட்டம் போட்ட 13 கணக்குப்படி சரியான எண்தான். அதை யாரை வைத்து எண்ணுவது, எந்த நாளில் எண்ணுவது என்ற இரண்டையும் நான் எழுதவில்லை. பட்டதெல்லாம் அதனால் பட்டதுதான்.

நோட்டில் 22 பெயர்கள் சேர்ந்தன. 13-க்கு 22 இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். நம் ஊரில் தெரிந்தவர் ஒருவர் நேரில் கேட்டால் மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. "நம்ம பேரையும் சேத்துக்கோங்க டீச்சர்" என்பது மரியாதைக்குச் சொல்வது. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றால் வரமாட்டார்கள். "எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் ஹாலு, சிஸ்டம் நாங்க கொண்டு வரணுமா?" என்று கேட்கிறவர்கள்தான் வருவார்கள். இது அப்போது எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. செப்டம்பர் 23, முதல் சனிக்கிழமை. பத்து மணிக்கு எண்ணினேன். 12 பேர். மதுரையிலிருந்து ஆசிரியர் வந்து உட்கார்ந்திருக்கிறார், வடை சுடச்சுட வந்துவிட்டது. 12-க்கும் 13-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தொடங்கிவிட்டேன்.

வித்தியாசம் ஆளில் வரவில்லை, தவணையில் வந்தது. கஷ்டப்படுகிற பிள்ளைகள்தானே என்று பாதிப் பணம் முதலில், பாதி தீபாவளிக்கு முன்னால் என்று வைத்திருந்தேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 18. அதற்கு முந்தைய வாரங்களில் போனஸ் கணக்குப் போடும் வேலை எல்லா ஆபீசிலும் நெருக்கியது. இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். அவர்களிடம் போய்ப் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் முழுசாகக் கட்டியது 30,000, இரண்டு பேரின் பாதி 3,000. வரவு 33,000. செலவு, 12 பேருக்கான புத்தகம், டீயோடு சேர்த்து, 36,400. கைவிட்டுப் போனது 3,400. 12 நாள் நான் ஹாலில் நின்று சந்தேகம் தீர்த்ததற்கு ஒரு பைசா கூடக் கணக்கில் இல்லை.

ஆனாலும் பாடம் நன்றாக நடந்தது. தறிக்கூடத்தில் கணக்கு எழுதும் ஒரு பையன் அடுத்த மாதம் தானே GSTR-3B போட்டுவிட்டு வந்து காட்டினான். அந்த 3,400-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை 13-க்குக் குறைந்தால் நடத்தக் கூடாது என்று மட்டும் உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதிதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைக் கவிழ்த்தது.

2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பவும் இ-வே பில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் யாராவது போன் செய்து கேட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும், பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஊர் ஆட்கள் அந்த ஊரிலேயே வகுப்பு வேண்டும் என்றார்கள். சரியென்று ஒரு ஹால் பிடித்தேன். நாளுக்கு 700, 12 நாளுக்கு 8,400. ஆசிரியருக்கு அதே 18,000. நோட்டீஸ் 3,000. மொத்தம் 29,400. வகுத்துப் பார்த்தால் 12 பேர். பதிவுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் முன்பணம் என்று வைத்தேன். பெயரை எண்ணக் கூடாது, பணத்தை எண்ண வேண்டும் என்பதைக் கற்றிருந்தேன் அல்லவா.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை தொடக்கம். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி ரிட்டர்ன் கெடு என்பதால் அதற்குப் பிந்தைய சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அதுவரை சரி. ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் யார் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள்? அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆடிப்பூரத் தேர் வரப்போகிறது, ஊரே அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. என் நோட்டில் 24 பெயர்கள். முன்பணம் கட்டியவர்கள் 9 பேர். "ஆவணி பொறக்கட்டும் டீச்சர்" என்று பல பேர் வாயைத் திறந்தே சொன்னார்கள். நான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். அது சாக்கு இல்லை, தேதி.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரை காத்திருந்தேன். 9 பேர்தான். 12-க்குக் குறைந்தால் நடத்துவதில்லை என்ற உறுதி இருந்ததே. ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராகப் போன் செய்து வகுப்பு இல்லை என்றேன். எட்டாவதாக எடுத்தது ஒரு மில்லின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண். சனி, ஞாயிறு பகல் வேலையைக் கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் ஆறு வாரத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தாள். பதிலுக்கு அவளுடைய இரவு ஷிப்டுகளை இவள் பார்க்க வேண்டும். "மாத்திட்டேனே டீச்சர், இனிமே எப்படித் திருப்பிக் கேக்கறது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் இல்லை.

மறுநாள் முன்பணத்தைத் திருப்பித் தர உட்கார்ந்தபோது இரண்டாவது அடி. வந்த 9,000-இல் நோட்டீசுக்கு 3,000, ஹாலுக்கு முன்பணம் 2,000, ஆசிரியருக்கு முன்பணம் 3,000 என்று 8,000 போயிருந்தது. ஹால்காரர் முதல் நாள் ராத்திரி சொன்னால் முன்பணம் திரும்பாது என்றார். ஆசிரியரும் வேறு ஒரு வேலையை எனக்காக விட்டிருந்தார், அவரிடம் திருப்பிக் கேட்பது முறையில்லை. வீட்டுப் பணத்திலிருந்து 8,000 எடுத்து 9 பேருக்கும் முழுசாகக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி அப்பா என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய படிப்பு இல்லை, ஆனால் கணக்கில் கண் உண்டு.

"ஏம்மா, ஒம்பது பேர வச்சே நடத்தியிருந்தா எவ்வளவு போயிருக்கும்?"

போட்டுப் பார்த்தேன். 9 பேரிடமிருந்து தலைக்கு 2,600 என்றால் 23,400. மொத்தச் செலவு 29,400. நஷ்டம் 6,000. நிறுத்தியதில் போனது 8,000. நடத்தியிருந்தால் 2,000 மிச்சம், 9 பேருக்குப் பாடமும் கிடைத்திருக்கும்.

எங்கே தப்பு என்று அன்றுதான் விளங்கியது. 12 என்பது ஒரு ரூபாயும் செலவழிக்காத நாளின் எண். வெள்ளிக்கிழமை ராத்திரி 8,000 ஏற்கெனவே போய்விட்டது. நடத்தினாலும் நிறுத்தினாலும் அது திரும்பாது. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது, இனிமேல் செலவாகப் போகும் 21,400-ஐ எடுக்க எத்தனை பேர் வேண்டும் என்பது. 21,400-ஐ 2,600-ஆல் வகுத்தால் எட்டேகால், அதாவது 9. என்னிடம் சரியாக 9 பேர் இருந்தார்கள். பணம் செலவாகச் செலவாக, நடத்தலாமா வேண்டாமா என்பதற்கான எண் இறங்கிக்கொண்டே வருகிறது. நான் பழைய எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கடைசி நாளில் எப்போதும் நடத்திவிட வேண்டியதுதான் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 6,000 போவது 8,000 போவதை விடக் குறைவு, அவ்வளவுதான். இரண்டுமே நஷ்டம். திரும்பாத பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு முடிவெடுத்தால், நல்ல வழி ஒன்றும் மீதியிருக்காது. முதல் ரூபாய் கைமாறுவதற்கு முன்னால், அல்லது கைமாறினாலும் திரும்பும் நிலையில் இருக்கும்போது முடிவெடுத்துவிட வேண்டும். எண்ணை விடத் தேதி முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்பாதான் சீட்டுக் கதையைச் சொன்னார். அவர் பல வருடம் பதிவு பெற்ற கம்பெனியில் சீட்டுக் கட்டியவர். "இருபது பேர் சீட்டுன்னா இருபதும் சேர்ந்தாத்தான் சீட்டு தொடங்கும். அதுவரைக்கும் அந்தப் பணத்துல நடத்துறவன் கை வைக்க முடியாது" என்றார். அது வெறும் வழக்கமில்லை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லா டிக்கெட்டுகளுக்கும் ஆள் சேர்ந்துவிட்டது என்று நடத்துபவர் பதிவாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் தொடக்கச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் ஏலம் விடலாம், பணத்தை எடுக்கலாம். பிற்பாடு அமெரிக்காவில் கிக்ஸ்டார்ட்டர் என்று 2009-இல் ஒரு நிறுவனம் தொடங்கியதைப் படித்தேன். கேட்ட தொகை கெடுவுக்குள் முழுசாகச் சேர்ந்தால்தான் ஆதரிப்பவர்களிடமிருந்து பணத்தை எடுப்பார்கள், சேராவிட்டால் எடுப்பதில்லை. வேறு தேசம், வேறு பெயர், உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடு. எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும், கெடு தெரியும், அதுவரை பணம் சும்மா இருக்கும். நான் 9 பேர் பணத்தில் நோட்டீஸ் அடித்திருந்தேன். மூன்றாவது முறை சீட்டு மாதிரிதான் நடத்துவது என்று தீர்மானித்தேன்.

முதலில் மாதம். ஆவணியில் தொடங்கலாம் என்றால் பாதியில் புரட்டாசி வரும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் நெரியும். சனிக்கிழமை வகுப்புக்கு அங்கே ஆள் வராது. ஐப்பசியில் தீபாவளி, கையில் காசு நிற்காது. மார்கழியில் ஆண்டாள் ஊரில் விடியற்காலையிலிருந்து கோயில்தான். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தபோது பொங்கலுக்குப் பிறகு என்று வந்தது. அடுத்து மாதத்துக்குள் எந்தத் தேதி. மில், கடை, ஆபீஸ் சம்பளம் பெரும்பாலும் 7-இலிருந்து 10-க்குள் வரும். 20-ஆம் தேதி ரிட்டர்ன் முடியும். அதனால் வகுப்பு பிப்ரவரி 23, சனிக்கிழமை. பதிவுக்குக் கெடு பிப்ரவரி 15, வெள்ளி மாலை 6 மணி. சம்பளம் கைக்கு வந்த பிறகு, வகுப்புக்கு எட்டு நாள் முன்னால்.

அந்த எட்டு நாளை நான் இஷ்டத்துக்கு எடுக்கவில்லை. புதிதாகப் பிடித்த ஹால்காரரிடமும் ஆசிரியரிடமும் முன்கூட்டியே கேட்டேன்: "எத்தனை நாள் முன்னால சொன்னா உங்களுக்குச் சங்கடமில்லை?" ஹால்காரர் ஐந்து நாள் என்றார். ஆசிரியர் ஒரு வாரம் என்றார். இரண்டில் பெரியதை எடுத்து ஒரு நாள் கூட்டினேன். அந்த மாலை வரை என் கையைவிட்டுத் திரும்பாமல் போகும் பணம் நோட்டீஸ் செலவு 3,000 மட்டும். அதை என் பணத்திலிருந்து போட்டேன்.

அடுத்து எண். இந்த முறை என் கூலியையும் 6,000 என்று செலவில் எழுதினேன். அதை எழுதாமல் விட்டால் வகுப்பு லாபத்தில் நடப்பதாகத் தெரியும், மூன்றாவது வகுப்போடு நான் ஓய்ந்துவிடுவேன். பழைய 29,400-உடன் சேர்த்து மொத்தம் 35,400, அதற்கு 14 பேர் வேண்டும். ஆசிரியர் 12 வகுப்புக்குப் பதில் 8 வகுப்பு வந்து, பில் பதிவது, பட்டியல் சரிபார்ப்பது போன்ற நான்கு வகுப்பை நானே எடுத்தால் 6,000 குறைந்து 29,400 ஆகும். அதற்கு 12 பேர் போதும். இதை வைத்துக் கெடுவுக்கு முன்பே மூன்று வரி எழுதினேன். 14 அல்லது அதற்கு மேல் என்றால் சொன்னபடி நடக்கும். 12 அல்லது 13 என்றால் ஆசிரியர் 8 வகுப்பு, அதைச் சொல்லிச் சம்மதம் கேட்பது, வேண்டாம் என்பவருக்குப் பணம் வாபஸ். 12-க்குக் கீழே என்றால் எல்லோருக்கும் வாபஸ், அன்று ராத்திரியே.

முன்னால் எழுதியதற்குக் காரணம் உண்டு. கெடு நாளன்று 11 பேர் நின்றால் என் மனம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம், ஒருத்தர் வருவார் என்று சொல்லும். ஆசைப்படாத நாளில் எழுதிய வரிகள்தான் ஆசைப்படும் நாளில் காப்பாற்றும்.

பதிவுக்கு 500 ரூபாய் டோக்கன். 1,000-ஐ 500 ஆக்கினேன். கொடுக்க மனம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் டோக்கன், சுமை ஏற்ற இல்லை. நோட்டீசிலேயே எழுதினேன்: குறைந்தது 14 பேர் சேர வேண்டும், 15-ஆம் தேதி மாலை 6 மணிக்கு முடிவு, நடக்காவிட்டால் 500-ம் முழுசாகத் திரும்ப வரும், நடக்கும் என்று சொன்ன பிறகு நின்றால் வராது, மீதி 2,500 முதல் வகுப்புக்கு முன். தவணை இல்லை. எண்ணை வெளியே சொன்னால் ஆள் சேரவில்லை என்று பரிகாசம் செய்வார்கள் என ஒரு தோழி பயந்தாள். நடந்தது வேறு. சேர்ந்தவர்கள் தாங்களே ஆள் பிடித்தார்கள். ஒரு பாத்திரக்கடைக் கணக்குப்பிள்ளை பக்கத்துக் கடைக்காரரின் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நீங்க வந்தா எனக்கும் வகுப்பு நடக்கும்" என்று அவரிடம் சொல்லித்தான் அழைத்து வந்தாராம். சீட்டுக்கு ஆள் சேர்க்கிற அதே பேச்சு.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் பத்து நாளில் 6 உறைகள்தான். சம்பளத் தேதி தாண்டி, கெடுவுக்கு முந்திய மூன்று நாளில் 7 வந்தன. கெடு என்று ஒன்று நிஜமாக இருந்தால் நம்மவர்கள் கெடுவில் வருவார்கள். கெடுவே இல்லாதபோது, முதல் வகுப்பு நாள்தான் கெடு என்று எடுத்துக்கொண்டு அன்று வந்து நிற்பார்கள், அல்லது நிற்கமாட்டார்கள். 2017-இல் பத்து மணிக்கு நான் ஹாலில் தலை எண்ணியது இதனால்தான்.

15-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். 13 உறைகள். நோட்டில் அந்த முறை பெயர்கள் 21. எழுதி வைத்த இரண்டாவது வரியை எடுத்தேன். 13 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, ஆசிரியர் 8 வகுப்புதான் வருவார், நான்கை நான் எடுப்பேன், அது சரிப்படாது என்றால் பணம் தந்துவிடுகிறேன் என்றேன். 12 பேர் சரி என்றார்கள். பாத்திரக்கடைக் கணக்குப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மட்டும், மதுரை சாரிடம் முழுசாகப் படிக்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்றார். நியாயமான பேச்சு. அவர் உறையை அப்படியே எடுத்து வைத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீதி 12. கணக்குப்படி 31,200 வரவு, 29,400 செலவு. இடையில் 1,800 இடைவெளி. 12-இல் ஒருவர் முதல் நாளுக்கு முன் நின்றுபோனால் என்னவாகும் என்றும் பார்த்தேன். அவருடைய டோக்கன் 500 இருக்கும், 300 ரூபாய்தான் குறையும். அது தாங்கக்கூடியது. இந்தப் பார்வை 2017-இல் எனக்கு இருந்திருந்தால் தவணை வைத்திருக்க மாட்டேன். சரியாக விளிம்பில் நிற்கும் வகுப்பை ஒரே ஒருவரின் மனமாற்றம் தள்ளிவிடும். அந்த ஒருவருக்கும் இடம் விட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும்.

அந்த 12 பேரில், முன்பு இரவு ஷிப்டை மாற்றி வாங்கியிருந்த அந்த மில் பெண்ணும் இருந்தாள். போன் செய்தபோது அவள் எட்டு வகுப்பா பன்னிரண்டா என்று கேட்கவே இல்லை.

"இந்தத் தடவை தேதி நிச்சயந்தானா டீச்சர்? நாளைக்கே சொன்னாத்தான் அவ ஷிப்ட மாத்திக் குடுப்பா."

"நிச்சயம்மா. இன்னைக்கு ஆறு மணிக்கு மேல மாறாது."

எட்டு நாள் முன்னால் அதைச் சொல்ல முடிந்தது. ஏழரை மணிக்கு ஆசிரியருக்கும் ஹால்காரருக்கும் சொன்னேன். அப்புறம் 12 உறைகளையும் பிரித்து, 6,000 ரூபாயை எண்ணி, முதன்முதலாக அந்தப் பணத்திலிருந்து ஹாலுக்கு முன்பணம் எடுத்து வைத்தேன். காலிப் பெட்டியில் பால்கோவா வாசனை அப்போதும் இருந்தது. அதை மறுபடி பீரோ மேல் வைத்தேன், அடுத்த பதிவுக்கு.